பார்த்தது புதுசா, பழசா?

ஒரு துணிக்கடையின் இணையதளத்தில் 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். அந்த வரம்பை 750 ஆக்கி ஒரு புரோகிராமர் புல் ரெக்வெஸ்ட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?’ என்று குழுவிடம் கேட்பதுதான் அது. வெர்சல், நெட்லிஃபை போன்ற சேவைகள் உடனே அந்த மாற்றத்தோடு தளத்தின் தற்காலிகப் பிரதி ஒன்றை உருவாக்கி, லிங்க்கையும் அங்கேயே ஒட்டிவிடும். இதுதான் பிரிவியூ. சரிபார்ப்பவர் லிங்க்கைத் தட்டுகிறார். தளம் திறக்கிறது, கார்ட்டில் 900 ரூபாய்க்குப் புடவை போட்டுப் பார்க்கிறார், டெலிவரி இலவசம் என்கிறது. அப்ரூவ் செய்துவிடுகிறார்.

ஆனால் 900 ரூபாய்க்குப் பழைய தளமும் இலவசம் என்றுதான் சொல்லும். வித்தியாசம் தெரிய 600 ரூபாய்க்கு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். உண்மைத் தளத்தை ஒரு டேபிலும் பிரிவியூவை இன்னொன்றிலும் திறந்து, இரண்டிலும் 600 ரூபாய்க்குப் பொருள் போட்டால், ஒன்றில் இலவசமும் மற்றதில் கட்டணமும் வர வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அவர் மாற்றத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

அப்படி ஒரே மாதிரி வந்தால் முதல் சந்தேகம், பிரிவியூவே பழசோ என்பது. வெர்சலில் ஒவ்வொரு கமிட்டுக்கும் தனி முகவரி உண்டு. அது அந்தக் கமிட்டோடு உறைந்து நிற்கும். கிளைக்கான முகவரி வேறு. அது புதுப் பிரதிக்கு நகர்ந்துகொண்டே போகும். காலையில் சாட்டில் வந்த லிங்க்கை மாலையில் திறப்பவர், நடுவில் நடந்த திருத்தம் எதையும் பார்க்காமல் போவது இப்படித்தான். கடைசி பில்ட் தோற்றுப்போனாலும், கிளை முகவரியில் முந்தைய பிரதி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் தீர, பில்ட் ஆகும்போதே கமிட் எண்ணைப் பக்கத்துக்குள் எழுதிவைக்கலாம். வெர்சலில் அந்த எண் `VERCEL_GIT_COMMIT_SHA` என்ற மாறியிலும் நெட்லிஃபையில் `COMMIT_REF` என்பதிலும் கிடைக்கும். பிறகு ஒரே வரியில் கேட்டுவிடலாம்:

```
curl -s "$PREVIEW_URL" | grep build-commit
```

வரும் எண், புல் ரெக்வெஸ்டின் கடைசிக் கமிட்டோடு பொருந்த வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் `pull_request` நிகழ்வில் பில்ட் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே `GITHUB_SHA` தருவது கிளையின் கடைசிக் கமிட் அல்ல, மெயினோடு சேர்த்துப் பார்க்க உருவாக்கிய தற்காலிகக் கமிட். எண் பொருந்தவில்லையே என்று பதற வேண்டாம். `github.event.pull_request.head.sha` எடுத்துக்கொண்டால் போதும்.

எண் பொருந்தியும் 600 ரூபாய்க்கு இலவசம் என்றே வந்தால்? அந்த வரம்பு கோடில் மட்டும் இல்லாமல் சூழல் மாறியிலும் இருக்கலாம். அது கோடில் உள்ள 750-ஐ அமுக்கிவிடும். பிரிவியூவுக்கும் உண்மைத் தளத்துக்கும் இந்த மாறிகளைத் தனித்தனியே வைக்க முடியும் என்பதால், இதன் தலைகீழும் நடக்கும்: பிரிவியூவில் சோதனைக்காக யாரோ 750 என்று வைத்திருக்க, உண்மைத் தளத்தின் அமைப்பில் 500 அப்படியே கிடக்கும். அப்போது சரிபார்ப்பவர் பார்த்தது சரிதான். மெர்ஜ் ஆன பிறகும் 600 ரூபாய் வாடிக்கையாளருக்கு டெலிவரி இலவசமாகவே போய்க்கொண்டிருக்கும்.