மண்ணுக்குள் ஒளிந்த வால்வு

ஒரு பள்ளி மைதானத்தில் குடிநீர்க் குழாயின் வால்வை மண் மூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பதித்தவர் மூன்று தூரங்களை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்: வேப்பமரத்திலிருந்து 20 மீட்டர், புங்கமரத்திலிருந்து 13, கொடிக்கம்பத்திலிருந்து 15. எந்தத் திசை என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வேப்பமரத்தை மையமாக வைத்து 20 மீட்டரில் ஒரு வட்டம் போட்டால் வால்வு அதன் மேல் எங்கோ இருக்கும். புங்கமரத்தின் வட்டம் இதை இரண்டு இடங்களில் வெட்டும். இரண்டில் எது என்பதைக் கொடிக்கம்பம் சொல்லும்.

இனி எக்செல்லைத் திறங்கள். வேம்புதான் தொடக்கப் புள்ளி. புங்கம் அதற்கு நேர்கிழக்கே 21 மீட்டர். வேம்பிலிருந்து கிழக்கே 7 போய், அங்கிருந்து வடக்கே 24 போனால் கொடிக்கம்பம். B-யில் கிழக்கு, C-யில் வடக்கு, D-யில் வால்வின் தூரம்.

```
   A         B   C   D
2  வேம்பு     0   0   20
3  புங்கம்    21  0   13
4  கம்பம்     7   24  15
```

பிதாகரஸ் தேற்றப்படி ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சமன்பாடு கிடைக்கும். வேம்பின் சமன்பாட்டிலிருந்து புங்கத்தின் சமன்பாட்டைக் கழித்தால் தொல்லை தரும் வர்க்கங்கள் அடிபட்டுப் போகும். கிழக்கு மட்டும் மிஞ்சும். அதை B6-இல் எழுதுங்கள்:

```
=(D2^2-D3^2+B3^2)/(2*B3)
```

விடை 16. அடுத்து, வேம்பிலிருந்து கம்பத்தைக் கழித்து, வடக்கை B7-இல் எழுதலாம்:

```
=(D2^2-D4^2+B4^2+C4^2-2*B4*B6)/(2*C4)
```

விடை 12. வேம்பிலிருந்து புங்கத்தை நோக்கி 16 மீட்டர் நடந்து, கம்பம் இருக்கும் பக்கமாகச் செங்கோணத்தில் திரும்பி 12 மீட்டர் போனால், அங்கே தோண்டலாம்.

மண்வெட்டியை எடுக்கும் முன் ஒரு சோதனை. E2-இல் இதை எழுதி, E4 வரை கீழே இழுங்கள்:

```
=SQRT(($B$6-B2)^2+($B$7-C2)^2)
```

20, 13, 15 என்று அப்படியே திரும்பி வர வேண்டும். புங்கத்தின் தூரத்தை 13.5 என்று மாற்றிப் பாருங்கள். 19.80, 13.21, 14.74 என்று மூன்றும் பிசகும். தவறு இருப்பது தெரிகிறது. எந்த அளவில் என்பது தெரியாது. வட்டங்கள் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். டேப் தொய்ந்திருந்தாலோ, மரத்தின் நடுவை விட்டு அதன் ஓரத்திலிருந்து அளந்திருந்தாலோ இப்படி ஆகும்.

கம்பமும் இரு மரங்களின் வரிசையிலேயே நின்றிருந்தால் C4 பூஜ்யமாகி, `#DIV/0!` என்று திரை சொல்லிவிடும். வடக்கா தெற்கா என்று பிரிக்க வழியில்லை. வரிசையிலிருந்து கொஞ்சமே விலகியிருப்பது இன்னும் ஆபத்து. எண் வரும், ஆனால் சின்ன C4-ஆல் வகுப்பதால், அளவில் சிறு பிழை இருந்தாலும் விடை பல மீட்டர் தள்ளிப்போய்விடும்.

ஆகவே, மூன்று அடையாளங்களையும் அகன்ற முக்கோணமாகத் தேர்ந்தெடுங்கள். நான்காவதாக இன்னொரு மரத்திலிருந்தும் அளந்து வையுங்கள். எந்த அளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க அது உதவும்.