‘இதைச் சொன்னது யார்?’

அலுவலக ஆண்டு விழாவில் வினாடி வினா நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்து, தலைப்பும் ‘சிட்காம் வசனங்கள்’ என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றும் கேள்வி அநேகமாக இதுதான்: “‘ஹவ் யூ டூயின்?’ என்று சொல்லும் பாத்திரம் யார்?” ‘ஃப்ரெண்ட்ஸ்’ பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் “ஜோயி!” என்று கத்துவார்கள். பார்க்காதவர்கள் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படி வசனத்தைக் கொடுத்து ஆளைக் கேட்கும் கேள்வி ஒன்றிரண்டு இருக்கலாம், சூடு பிடிப்பதற்காக. பத்துக் கேள்வியும் அப்படியே இருந்தால் மூன்றாவதிலேயே அரங்கம் தூங்கிவிடும்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ‘தி பிக் பேங் தியரி’யில் ஷெல்டன் யாரையாவது ஏமாற்றிவிட்டு ‘பஸிங்கா!’ என்பார். அதை நேரடியாகக் கேட்காமல் இப்படிக் கேட்கலாம்: “பிரேசிலில் வாழும் ஒரு தேனீ இனத்துக்கு 2012-இல் ஒரு சிட்காம் பாத்திரத்தின் வாய்மொழியைப் பெயராக வைத்தார்கள். எந்தச் சொல்?” உண்மைச் செய்திதான். தேனீயின் அறிவியல் பெயர் யூகுளோஸா பஸிங்கா. தொடரைப் பார்க்காதவரும் யோசிக்கலாம், பார்த்தவருக்கோ விடையைக் கத்தும் சந்தோஷம் கிடைக்கிறது.

‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் ஹோமர் ஏதாவது சொதப்பியதும் ‘டோ!’ என்று முனகுவார். ஸ்கிரிப்டில் அந்தச் சொல் இருக்காது, ‘எரிச்சலான முனகல்’ என்று மட்டும்தான் எழுதியிருப்பார்கள். குரல் கொடுத்த டான் காஸ்டெல்லனெட்டா, லாரல்-ஹார்டி படங்களில் நடித்த ஜேம்ஸ் ஃபின்லேசனின் இழுவையான முனகலை எடுத்துச் சுருக்கிக்கொண்டார். 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே அதற்கு இடம் கொடுத்தது. “ஸ்கிரிப்டில் வெறும் முனகலாக இருந்து அகராதியில் ஏறிய சொல் எது?” நான் கேட்பதாக இருந்தால் இதைத்தான் ஐந்தாவது கேள்வியாக வைப்பேன். அதற்குள் கூட்டம் சூடாகியிருக்கும்.

கேள்வியை விட விடைத்தாளில்தான் சண்டை அதிகம். ‘நோ சூப் ஃபார் யூ!’ என்ற வசனம் ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் 1995-இல் வந்த ஒரு எபிசோடில் பிரபலமானது. “கிரேமர்தானே சொன்னார்?” என்று யாராவது நிச்சயம் வாதாடுவார். சொன்னது நான்கு முக்கியப் பாத்திரங்களில் யாருமில்லை. வரிசையில் ஒழுங்காக நிற்காதவர்களுக்குச் சூப் தர மறுக்கும் கடைக்காரர்தான். நடித்தவர் லாரி தாமஸ். அந்தப் பாத்திரத்தை ரசிகர்கள் ஒரு பட்டப்பெயரால்தான் அறிவார்கள். எனவே ‘சூப் கடைக்காரர் என்றாலும் மதிப்பெண் உண்டு’ என்று விடைத்தாளில் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்று அதை முடிவு செய்யப் போனால், தோற்ற அணி உங்களைச் சும்மா விடாது.

யாருமே பார்த்திராத தொடரையும் பயன்படுத்தலாம், பொருத்துக கேள்வியாக. பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ (1968–1977) இரண்டாம் உலகப் போர்க் காலத்து உள்ளூர்க் காவல் படையைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: படைத்தலைவராக வேஷம் கட்டும் வங்கி மேலாளர் மெயின்வாரிங், பிணப்பெட்டி செய்து அடக்கம் நடத்தும் ஸ்காட்லாந்துக்காரர் ஃப்ரேஸர், எதற்கெடுத்தாலும் பதறி ஓடும் கிழட்டுக் கார்ப்பரல் ஜோன்ஸ். வசனங்கள் ‘பதறாதீர்கள்!’, ‘நம் கதை முடிந்தது!’, ‘முட்டாள் பையா!’. ஒரு எபிசோடும் பார்க்காதவர்கூடச் சரியாகப் பொருத்திவிடுவார். எல்லோரையும் பதறாதே என்று கத்துபவர்தான் முதலில் பதறுபவர். பிணப்பெட்டிக்காரர் அபசகுனம் சொல்வார். முட்டாள் என்று திட்டு வாங்குவது மேலாளரின் வங்கியிலேயே வேலை பார்க்கும் பைக். நல்ல வசனம் என்பது பாத்திரத்தின் குணமே வாய் திறந்து பேசுவதுதான், அதனால்தான் இந்தக் கேள்வி வேலை செய்கிறது.

ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ‘தி ஆஃபிஸ்’ தொடரின் மைக்கேல் ஸ்காட் எந்தப் பேச்சையும் இரட்டை அர்த்தமாக்கிச் சொல்லும் ‘தட்ஸ் வாட் ஷீ செட்’. தொடரே அலுவலகத்தைப் பற்றியது என்பதால் ஆசை வரும். ஆனால் தொடரிலேயே அந்தப் பேச்சு மேலிடத்தை முகம் சுளிக்க வைக்கும், உங்கள் விழாவில் மனிதவள அதிகாரியும் முன்வரிசையில் இருப்பார்.

வசனங்களை நினைவிலிருந்து எழுதாமல், காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். ஜோயி அந்த வாசகத்தை முதல் எபிசோடிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாகத்தான் பலரும் நினைப்பார்கள். 1994-இல் தொடங்கிய தொடரில் அது வந்ததே நான்காவது சீசனில்தான். இரண்டு அணிகள் சமமாக நின்றால், ஃப்ரெண்ட்ஸில் மொத்தம் எத்தனை எபிசோடு என்று கேட்டு, நெருங்கிய எண்ணைச் சொன்னவருக்குப் பரிசைக் கொடுத்துவிடுங்கள். விடை 236.