74-லிருந்து 83-க்கு: ஒன்பது கிலோவுக்கு ஒன்பது மாதம்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். பவர்லிஃப்டிங்கில் 74 கிலோ பிரிவு. சாதாரண நாளில் எடை அதைச் சற்றே தாண்டும். போட்டிக்கு முன் பட்டினி கிடந்து, தண்ணீரைக் குறைத்து இறக்குகிறார். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி எடை பார்ப்பது போட்டி தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான். வறண்ட உடம்பு அதற்குள் தேறாது. முதல் ஸ்குவாட்டிலேயே கால் நடுங்கும். அவர் மேலே போவதே சரி.

அடுத்த பிரிவு 83. கேள்வி, எவ்வளவு வேகத்தில் என்பதுதான். வாரம் கால் கிலோ போதும். அப்படியானால் 74-லிருந்து 83-ஐத் தொட ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். மூன்றே மாதத்தில் ஏற்றிவிடலாம், பிரியாணிக் கடைகளுக்கா பஞ்சம்? ஆனால் தசை வளரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் தின்பதில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் தங்கும். தராசு ஏறும், கம்பி ஏறாது.

கால் கிலோவுக்கு வேண்டியது தினமும் சுமார் 250 முதல் 300 கலோரி கூடுதல். இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். நம் பக்கத்து ராகிக் களி வயிற்றை நிறைக்கும்; ஆனால் நூறு கிராம் மாவில் புரதம் ஏழு கிராம்தான். இவருக்கு நாளைக்கு 120 கிராம் புரதமாவது வேண்டும். களியோடு கோழிக் குழம்போ கொள்ளோ சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

எடையைத் தினமும் தூங்கி எழுந்ததும், கழிவறை போய்விட்டு, சாப்பிடுமுன் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் அது மதியம் மூன்று மணியாக இருக்கலாம், பரவாயில்லை. ஒரு நாள் கணக்கு உப்பையும் தண்ணீரையும் காட்டும்; வாரச் சராசரிதான் உண்மையைச் சொல்லும். கிரியேட்டின் தொடங்கினால் முதல் வாரங்களில் ஒரு கிலோ வரை கூடலாம். அது பெரும்பாலும் நீர்.

தராசைவிட நம்பகமானது இடுப்பளவு நாடா. தொப்புளைச் சுற்றி மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். இடுப்பு ஏறிக்கொண்டே போய், ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றின் கூட்டுத்தொகை நின்றுவிட்டால் ஒரு மாதம் எடையை அப்படியே நிறுத்துவது நல்லது. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே சர்க்கரை நோய் அபாயம் கூடுகிறது. தூக்கும் பலம் இதற்கு விலக்குத் தராது. இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் குறட்டையும் பகல் தூக்கமும் வந்தால், ஷிப்டின் மேல் பழியைப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து பருத்து மூச்சுப்பாதை அடைபடுவதாகவும் இருக்கலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: 83 பிரிவு என்பது 74-க்கு மேல் 83 வரை. முதல் போட்டிக்கு 83-ஐ நிரப்பவே வேண்டாம். ஐந்தாம் மாதம் 79 இருந்தால், போட்டியன்று காலை இட்லி சாப்பிட்டுவிட்டே தராசில் ஏறலாம்.