"எதுக்கு அனுப்பணும்?": பயிற்சிக்கு அனுமதி வாங்கித் தரும் ஒரு பக்கக் கடிதம்

பணம் கட்டிப் படிக்கும் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி ஊழியர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். "என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன், இது நிறுவனத்துக்கும் பயன்படும்" என்று இரண்டு வரி. கூடவே பயிற்சி நடத்துகிறவர்களின் வண்ண நோட்டீஸ். மேலாளர் படித்துவிட்டு "பார்க்கலாம்" என்பார். அதோடு சரி.

அவருக்கு மனமில்லை என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் அந்தப் பணம் அவர் கையில் இல்லை. பிளான்ட் ஹெட்டிடமோ எச்.ஆரிடமோ, சின்னக் கம்பெனி என்றால் முதலாளியிடமோ அவர் போய் நிற்க வேண்டும். அங்கே "எதுக்கு?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் உங்கள் கடிதத்தில் இல்லையென்றால் அவரிடமும் இருக்காது. ஆகவே கடிதத்தை மேலாளருக்கு மேலே இருப்பவரை மனதில் வைத்து எழுத வேண்டும். மேலாளர் ஒரு வரிகூட மாற்றாமல் அப்படியே மேலே அனுப்ப முடிய வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் இப்படி நடக்காத தொழிற்சாலை குறைவு. கோவைப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே தரப் பிரிவில் ஒரு பெண் பொறியாளர், இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து ஆறு இன்ஸ்பெக்டர்கள். அவர்கள் அளக்கும் ஒரு புஷ்ஷின் உள்விட்டம் 25.000 மில்லிமீட்டரிலிருந்து 25.021 வரை இருக்கலாம். மொத்த இடைவெளியே 21 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ராத்திரி ஷிஃப்டில் "ரிஜெக்ட்" என்று ஒதுக்கிய பாகத்தைக் காலையில் அதே போர் கேஜால் அளந்தால் சரியாக இருக்கிறது. தலைகீழாகவும் நடக்கிறது. இங்கே தேறிப் போனது வாடிக்கையாளர் கம்பெனியில் தோற்கிறது.

இந்தக் குழப்பத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அளவீட்டு முறைப் பகுப்பாய்வு; தொழிற்சாலையில் எம்.எஸ்.ஏ. என்றுதான் சொல்வார்கள். பத்துப் பாகங்களை மூன்று பேர் ஆளுக்கு இரண்டு மூன்று தடவை அளப்பார்கள். வரும் வேறுபாட்டில் பாகத்தால் வருவது எவ்வளவு, கருவியால் எவ்வளவு, அளப்பவரால் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார்கள். அளவீட்டால் வரும் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பக் கூடாது என்பது வாகனத் துறையில் வழக்கமான அளவுகோல். இடைப்பட்டது, எந்த வேலைக்கு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வாடிக்கையாளர் கொடுத்த எக்செல் தாளை நிரப்பி 10-க்குள் வரும்வரை எண்களைத் திருத்தி ஃபைலில் போடுகிற பழக்கமும் ஊரில் உண்டு. அப்படிச் செய்தால் ஆடிட்டைக் கடக்கலாம், ரிஜெக்‌ஷன் குறையாது.

நம் பொறியாளருக்குச் சென்னையில் நடக்கும் இரண்டு நாள் எம்.எஸ்.ஏ. வகுப்புக்குப் போக வேண்டும். கடிதம் எழுத உட்காருவதற்கு முன் அவர் திறக்க வேண்டியது ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை.

கடந்த மூன்று மாதத்தில் ராத்திரி ஷிஃப்ட் ஒதுக்கியது 180 பாகங்கள். காலையில் மறுபடி அளந்ததில் 54 தேறியிருக்கின்றன. ஒரு பாகம் 210 ரூபாய். 54-ஐ 210-ஆல் பெருக்கினால் 11,340 ரூபாய். "காலாண்டுக்கு இவ்வளவு நஷ்டம், வருஷத்துக்கு நாலு மடங்கு" என்று எழுதக் கை பரபரக்கும். எழுதக் கூடாது. அந்த 54 பாகங்களும் மறுபடி அளந்து மீட்கப்பட்டு, பில் போட்டு அனுப்பியாகிவிட்டது. உண்மையான இழப்பு மறுபடி அளந்த நேரம் மட்டும்தான். பிளான்ட் ஹெட் இதை ஒரே நொடியில் பிடிப்பார். பிடித்த பிறகு கடிதத்தில் மற்ற எண்கள் சரியாக இருந்தாலும் நம்ப மாட்டார்.

பணம் போன இடம் வேறு. சென்ற வருஷம் மூன்று வாடிக்கையாளர் புகார்கள். ஒன்று பிசிறு, ஒன்று பேக்கிங்கில் அடிபட்டது. மூன்றாவதுதான் துளை பெரிதாக இருந்தும் இங்கே தேறிப் போன பாகங்கள். அதற்காக இரண்டு பேர் வாடிக்கையாளர் கம்பெனியில் நாலு நாள் உட்கார்ந்து சார்ட்டிங் செய்தார்கள். அவர்களுடைய செலவு, மாற்றுச் சரக்கு அனுப்பிய வண்டி வாடகை, வந்த டெபிட் நோட் எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய். எம்.எஸ்.ஏ. படித்தால் மூன்று புகாரும் தீரும் என்று எழுதினால் பொய். ஒன்றை மட்டும் சொன்னால் போதும்.

அடுத்தது செலவு. கட்டணம் 15,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,700. ரயில், தங்கல், சாப்பாடு 6,000. பதிவு பெற்ற நிறுவனம் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாகப் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நிகரச் செலவு 21,000. கட்டணத்தை மட்டும் காட்டி மற்றதை மறைத்தால், பயணப் படி பில் வரும்போது மேலாளர்தான் திட்டு வாங்குவார். பணத்தைவிடப் பெரிய செலவு இரண்டு நாள் ஆள் இல்லாதது. அந்த நாட்களில் முதல் பாகத்துக்கு ஒப்புதல் கொடுப்பது யார், வாடிக்கையாளர் ஃபோன் செய்தால் எடுப்பது யார் என்று பெயரோடு எழுத வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவரிடம் முதலிலேயே கேட்டிருக்கவும் வேண்டும்.

இப்போது கணக்கு சுலபம். வருஷத்துக்கு இத்தனை லட்சம் லாபம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. "இதுபோல ஒரே ஒரு புகாரைத் தடுத்தால் செலவு வந்துவிடும்" என்பதை எல்லோராலும் சரிபார்க்க முடியும்.

குழுவுக்கு என்ன கிடைக்கும் என்ற இடத்தில்தான் பல கடிதங்கள் வழுக்குகின்றன. "திரும்பி வந்து எல்லோருக்கும் சொல்லித் தருவேன்" என்பது வாக்குறுதி ஆகாது. நாற்பது ஸ்லைடு ஓட்டினால் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. வேலையாகவே எழுத வேண்டும். எந்தக் கேஜ், எந்த இன்ஸ்பெக்டர்கள், எந்தத் தேதிக்குள் என்று. கடிதம் ஏறக்குறைய இப்படி வரும்:

"சார், 25 மி.மீ. புஷ்ஷில் இரண்டு ஷிஃப்டின் அளவும் ஒத்துப்போகவில்லை. மூன்று மாதத்தில் ராத்திரி ஒதுக்கிய 180-ல் 54 காலையில் தேறின. சென்ற வருஷம் அளவீட்டால் வந்த ஒரு புகாருக்கு 32,000 ரூபாய் செலவானது. செட்டிங் மாஸ்டரையும் கேஜ் கேலிபரேஷனையும் சரிபார்த்துவிட்டேன், அவற்றில் குறையில்லை. சென்னையில் நடக்கும் இரண்டு நாள் எம்.எஸ்.ஏ. வகுப்புக்கு அனுமதி வேண்டுகிறேன். வரி வரவு போக மொத்தச் செலவு 21,000. அந்த நாட்களில் முதல் பாக ஒப்புதலைப் பகல் ஷிஃப்டின் மூத்த இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார், அவரிடம் பேசிவிட்டேன். வந்த 30 நாளில் இந்த போர் கேஜுக்கும் இன்னும் இரண்டு கேஜுக்கும் ஆய்வு முடிப்பேன், ஆறு இன்ஸ்பெக்டர்களையும் அதில் அளக்க வைப்பேன். 60 நாளில் புதிய அளக்கும் முறையை எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுவோம். 90-ஆம் நாள், ராத்திரி ஒதுக்கிக் காலையில் தேறும் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று ரிஜிஸ்டரிலிருந்து காட்டுகிறேன்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் நீளம் இவ்வளவுதான். இதில் உயிரான வரி செட்டிங் மாஸ்டர் பற்றியது. "வகுப்பு இல்லாமல் தீர்க்க முடியாதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வியும்கூட. மாஸ்டர் ரிங் தேய்ந்திருந்தாலோ, ஒரு ஷிஃப்ட் சூடான பாகத்தை ஆறவிடாமல் அளந்தாலோ பயிற்சியே வேண்டாம். அரை நாள் வேலை. அதை முடித்துவிட்டுக் கேட்பவருக்கு மரியாதை தனி.

இன்னொரு கேள்வியும் வரும்: "ஆறு பேருக்கும் வேண்டியதுதானே, ஆளை இங்கேயே கூப்பிடலாமே?" பயிற்சியாளர் நேரில் வர ஒரு நாளுக்கு வாங்கும் தொகையைக் கேட்டு வைத்திருங்கள். நாலைந்து பேருக்குத் தேவை என்றால் பல சமயம் அதுவே மலிவு. அப்படியானால் உங்கள் சென்னைப் பயணம் போய்விடும், பிரச்சினை தீர்ந்துவிடும். குழுவுக்குப் பயன் என்று எழுதியவர் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது.

வாகனத் துறைத் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 இந்தக் கடிதத்துக்குக் கைகொடுக்கும். கன்ட்ரோல் பிளானில் உள்ள அளவீடுகளுக்கு இப்படிப்பட்ட ஆய்வு இருக்க வேண்டும் என்று அதன் 7.1.5.1.1 பிரிவு சொல்கிறது. பயிற்சி கொடுத்தால் அது பலன் தந்ததா என்று மதிப்பிட வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 9001-இன் 7.2 பிரிவு. பல கம்பெனிகளில் அந்த மதிப்பீட்டுப் படிவம் ஆடிட்டுக்கு முந்தின நாள் "நன்று" என்று நிரப்பப்படுகிறது. உங்களுடைய 90 நாள் எண்ணிக்கை வந்தால் மேலாளருக்கு அந்தப் படிவம் நேர்மையாகவே நிரம்பிவிடும்.

வாய்விட்டுக் கேட்கப்படாத சந்தேகம் ஒன்று உண்டு: சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்? சில இடங்களில் எச்.ஆர். பாண்டு கேட்பார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 21,000 ரூபாய்ச் செலவுக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ நியாயம். தொகை செலவைத் தாண்டக் கூடாது, மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். இதைக் கேட்பதில் தவறில்லை.

நேரம் பார்த்துக் கேளுங்கள். மாதக் கடைசி டிஸ்பாட்ச் நெருக்கடியில் எந்தக் கடிதமும் தேறாது. பயிற்சிக்கான வருடத் திட்டம் ஏப்ரலுக்கு முன்பே பல இடங்களில் எழுதப்பட்டுவிடும். அதில் பெயர் ஏறினால் பாதி வேலை முடிந்தது. முதலில் "சார், அஞ்சு நிமிஷம்" என்று வாயால் சொல்லுங்கள், அன்றே மெயில் அனுப்புங்கள். மறுத்தால் பணமா, நேரமா, நம்பிக்கையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் என்றால் அடுத்த காலாண்டு, நேரம் என்றால் அடுத்த பேட்ச்.

அனுமதி கிடைத்து நீங்களே முன்பணம் கட்டுவதாக இருந்தால், பில்லை நிறுவனத்தின் பெயரிலும் அதன் ஜி.எஸ்.டி. எண்ணிலும் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தப் பெயரில் வந்தால் அந்த 2,700 ரூபாயை நிறுவனத்தால் வரவு எடுக்க முடியாது. கடிதத்தில் 21,000 என்று எழுதியது 23,700 ஆகிவிடும்.