டேலி ஆனது, வேலை கிடைக்கவில்லை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு நேர்காணலுக்குப் போன பி.காம். பட்டதாரிப் பெண், வேலை கிடைக்காத கையோடு ஒரு நல்ல காரியம் செய்தாள். அங்கே கேட்ட கேள்விகளையும் தான் சொன்ன பதில்களையும் மறைக்காமல் எழுதி, கல்லூரியில் தனக்குப் பின்னால் படிப்பவர்களுக்குக் கொடுத்தாள். கணக்கு எழுதியே பிழைக்கும் என் கைக்கும் அந்தத் தாள் வந்தது.

அவளுக்குக் கொடுத்தது வங்கிச் சரிகட்டும் பட்டியல். பிளஸ் ஒன் பாடத்திலேயே வருவதுதான். மார்ச் 31 அன்று கம்பெனிப் புத்தகத்தில் வங்கி இருப்பு 3,40,000 ரூபாய். வங்கி ஸ்டேட்மென்டில் 3,71,410. இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும்.

கம்பெனி கொடுத்த இரண்டு செக்குகள் இன்னும் வங்கிக்கு வரவில்லை: சாயப்பட்டறைக்கு 28,000, லாரி ஆபீசுக்கு 18,000. கம்பெனி போட்ட 22,000 ரூபாய் செக் ஒன்று கணக்கில் ஏறவில்லை. வங்கி தன் கட்டணமாக 590 ரூபாய் எடுத்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் 8,000 ரூபாயை நேராகக் கணக்கில் போட்டிருக்கிறார். அவள் 3,40,000-உடன் 46,000-ஐக் கூட்டி, 22,000-ஐயும் 590-ஐயும் கழித்து, 8,000-ஐச் சேர்த்தாள். சரியாக 3,71,410 வந்தது. "டேலி ஆயிருச்சு சார்" என்று பேனாவை மூடிவிட்டாள்.

"சரிம்மா, நாளைக்குக் காலையில வந்து எதுக்கெல்லாம் என்ட்ரி போடுவீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

பாடப்புத்தகக் கணக்கு விடை வந்ததும் முடிந்துவிடும். அலுவலகத்தில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வித்தியாசங்களில் சில தாமதத்தால் வந்தவை. செக் வங்கிக்குப் போனதும் தானே சரியாகிவிடும், புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. மற்றவை வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் போனவை, அவற்றுக்குத்தான் என்ட்ரி. இங்கே 590-ம் 8,000-மும் அந்த வகை.

அவள் யோசித்து இந்த இரண்டையும் சொல்லியிருக்கிறாள். ஆனால் 590-ஐ முழுதாக வங்கிக் கட்டணத்தில் எழுதிவிட்டாள். அதில் கட்டணம் 500, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனி அந்த 90 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். தொகை சின்னதுதான். ஆனால் ஸ்டேட்மென்டை வரி வரியாகப் படிக்கிற ஆளா என்பது இந்தத் தொண்ணூறு ரூபாயில் தெரிந்துவிடும். நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன்.

அடுத்துதான் வேலையே கைநழுவியது. சாயப்பட்டறை செக்கின் தேதி டிசம்பர் 12. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். மார்ச் 12-க்குப் பிறகு அதை வங்கி ஏற்காது. அப்படியானால் அது தாமதமான செக் அல்ல, காலாவதியான செக். வங்கிக் கணக்கில் 28,000-ஐப் பற்று வைத்து, சாயப்பட்டறை பெயரில் வரவு வைக்க வேண்டும். அதை வருமானமாக எழுதவும் கூடாது. கொடுக்க வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது. அவள் "வங்கிக்கு வர்ற வரைக்கும் காத்திருப்போம் சார்" என்றிருக்கிறாள்.

எப்படி எழுதினாலும் டேலி ஆவதுதான் இதில் வேடிக்கை. மூன்று என்ட்ரிகளையும் போட்டால் புத்தக இருப்பு 3,75,410 ஆகும். அதில் 22,000 போய், லாரி ஆபீஸ் செக் 18,000 சேர்ந்தால் மறுபடியும் அதே 3,71,410. கூட்டல் ஒத்துப்போனதை மட்டும் வைத்து யாரும் தப்பைப் பிடித்திருக்க முடியாது. தேதியைப் பார்த்தவர்தான் பிடிக்க முடியும்.

22,000 ரூபாய் செக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லையாம். கேட்டிருக்கலாம். இப்போதெல்லாம் செக் ஓரிரு நாளில் ஏறிவிடுகிறது. பத்து நாள் தொங்கினால் திரும்பியிருக்கிறதா என்று வங்கியில் விசாரிக்க வேண்டும். பணமில்லாமல் திரும்பியிருந்தால், தகவல் வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். இல்லையென்றால் செக் மோசடி வழக்குக்கே வழியில்லாமல் போகும்.

தாளின் கடைசியில் தன் ஜூனியர்களுக்கு அவள் சொல்லியிருப்பது ஒன்றுதான்: தெரிந்த கடைக்காரர் யாரிடமாவது ஒரு மாத ஸ்டேட்மென்டையும் அவர் கணக்கு நோட்டையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் நேராக 'காத்திரு', 'என்ட்ரி போடு', 'போன் பண்ணு' என்று எழுதிப் பழகுங்கள். மூன்றாவதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அந்தச் சாயப்பட்டறைக்காரர் மூன்று மாதமாக ஏன் செக்கைப் போடவில்லை என்பதற்கு, அவரைக் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியும் கிடையாது.