இரண்டு மாட்டுச் சாணத்தில் மண்புழுப் பசளை: படுக்கை, புழு, ஈரம், அறுவடை

ஊர் திரும்பிய பல குடும்பங்களிடம் இப்போது ஒன்றிரண்டு மாடுகளே உள்ளன. முன்பு பட்டியாக அடைத்து, வயலுக்கு வண்டி வண்டியாக எரு ஏற்றியது போல இன்று செய்ய முடியாது. கிடைக்கும் கொஞ்சச் சாணத்தை வெயிலில் காயப் போட்டால் அதன் சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மழையில் நனைய விட்டால் இன்னொரு பங்கு கழுவப்பட்டுப் போகும். அதே சாணத்தை நிழலில் புழுவுக்குக் கொடுத்தால், அளவு குறைந்தாலும் நாற்றுக்கும் நடுகைக் குழிக்கும் நேராக இடக்கூடிய நல்ல பசளை கிடைக்கும்.

இரண்டு பசுக்களை இரவில் வளவுக்குள் கட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டு மாடுகள் என்றால் காலையில் ஏறத்தாழ ஒரு வாளி சாணம் சேரும். மாரிக்கு மிளகாயும் கத்தரியும் வைக்க அந்தக் குடும்பம் எண்ணுகிறது. ஆனி மாதத்தில் சாணம் சேர்க்கத் தொடங்கினால், நாற்றுமேடை போடும் புரட்டாதிக்குப் பசளை கையில் இருக்கும்.

சாணத்தைக் கட்டுத்தறியில் மட்டும் எடுத்தால் போதும். மாடு மேய்ந்த இடமெல்லாம் சென்று சாணமோ சருகோ பொறுக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்படாத காணிக்குள்ளும், அபாயப் பலகை நட்ட இடத்துக்குள்ளும் எதற்காகவும் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளை அனுப்பவும் கூடாது.

படுக்கை அமைத்தல்

மரநிழலில், மழைவெள்ளம் நில்லாத மேட்டு நிலத்தைத் தெரிவு செய்யுங்கள். குழி வெட்ட வேண்டாம். மாரியில் குழிக்குள் நீர் நின்றால் புழுக்கள் மூச்சுத் திணறி இறந்துவிடும். நிலத்தின் மேலேயே 8 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் வைத்தால் போதும். இடிந்த வீட்டின் கற்களை அடுக்கலாம். பனங்குற்றியும் உதவும். சீமெந்து பூசத் தேவையில்லை. 3 அடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுப்பகுதிக்குக் கை எட்டாது.

நிலத்தை நன்றாக இடித்து இறுக்கி, ஒரு பக்கம் சற்றுச் சரிவாக வைத்தால் மிகுந்த நீர் வடிந்துவிடும். நீளத்தின் நடுவே, விரல் நுழையும் இடைவெளி விட்டுத் தடிகளை நட்டு ஒரு தடுப்பு அமைத்தால் படுக்கை இரண்டு அறையாகும். இந்தத் தடுப்பின் பயன் அறுவடையின்போது தெரியும்.

மேலே கிடுகு அல்லது பனையோலையால் கூரை போடுங்கள். தகரமோ தறப்பாளோதான் இருக்கிறது என்றால், அதன் மேல் ஓலை பரப்பி உயரமாகக் கட்டுங்கள். வெறும் தகரத்தின் கீழ் மதிய வெப்பத்தைப் புழு தாங்காது. தறப்பாளைப் படுக்கையின் மேல் நேராக மூடக் கூடாது. காற்றுப் போகாமல் உள்ளே அவிந்துவிடும்.

சாணம் முதலில் ஆற வேண்டும்

மண்புழு வளர்ப்பில் அதிகம் நடக்கும் தவறு, அன்றன்று அள்ளிய சாணத்தின் மேல் புழுவை விடுவது. குவித்த புதுச் சாணம் உள்ளே சூடேறும். மாட்டுச் சலம் ஊறிய சாணத்தில் கண்ணை எரிக்கும் ஆவியும் வரும். இரண்டும் புழுவைக் கொல்லும்.

ஆகவே, சாணத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் நிழலில் குவித்து வாருங்கள். இரண்டு வாளி சாணத்துக்கு ஒரு வாளி என்ற அளவில் காய்ந்த வைக்கோல், சருகு, வெட்டிய வாழைத் தடல் ஆகியவற்றைக் கலந்தால் சாணம் இறுகாமல் காற்றோட்டம் இருக்கும். காய்ந்துபோனால் நீர் தெளித்து, வாரம் ஒரு தடவை மண்வெட்டியால் புரட்டிவிடுங்கள். ஒரு மாதத்தில் ஒரு அறையை ஓரடி உயரத்துக்கு நிரப்பப் போதிய சாணம் சேரும். அதன் பிறகு புதுச் சாணத்தை வேறு குவியலாகச் சேர்த்து, பழைய குவியலை இன்னும் ஒரு வாரம் ஆறவிடுங்கள்.

ஆறியதா என்று அறிய, ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே குத்தி, கொஞ்ச நேரம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கம்பி சுட்டால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். சுடவில்லை என்றால் ஒரு சிரட்டை நிறைய அந்தச் சாணத்தை எடுத்து, பத்துப் புழுக்களை விட்டு நிழலில் வையுங்கள். மறுநாள் காலையில் அவை உள்ளே புகுந்து உயிருடன் இருந்தால் சாணம் தயார். வெளியே ஊர்ந்து போயிருந்தாலோ இறந்திருந்தாலோ இன்னும் தயாரில்லை. இந்தச் சிறு சோதனை முழுப் புழுக்களையும் காப்பாற்றும்.

மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்தால், அதன் பின் மூன்று வாரங்களுக்கு அந்த மாட்டின் சாணத்தைப் படுக்கைக்குப் போடாதீர்கள். சில மருந்துகள் சாணத்தோடு வெளியேறிப் புழுவைப் பாதிக்கும். அந்தச் சாணத்தைத் தனியே கூட்டெருக் குவியலில் சேர்க்கலாம்.

எந்தப் புழு

தோட்டத்து மண்ணைக் கொத்தும்போது வரும் பெரிய, வெளிறிய புழு இதற்கு உதவாது. அது மண்ணுக்குள் ஆழமாக வாழ்வது. சாணத்தில் விட்டால் தங்காது. நமக்குத் தேவை, மட்கும் பொருளிலேயே வாழ்ந்து பெருகும் மெல்லிய, கருஞ்சிவப்பு நிறப் புழு. பழைய சாணக் குவியலின் அடியில், ஈரமான இடத்தில் இது தானாகவே காணப்படும். தொட்டால் விரைவாக நெளியும். அயலில் யாராவது முன்பே வளர்த்தால் அவர்களிடம் கேட்கலாம். கமநல சேவைகள் நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரியுங்கள்.

ஒரு அறைக்கு ஒரு கிலோ புழு போதும். அது ஏறத்தாழ ஆயிரம் புழு இருக்கும். இரண்டு கைப்பிடிதான் கிடைத்தது என்றாலும் தொடங்கலாம். ஆனால் அவை பெருக இரண்டு மூன்று மாதம் கூடுதலாகப் பிடிக்கும். அப்படியானால் அறையை முழுவதும் நிரப்பாமல் ஒரு மூலையில் மட்டும் சாணத்தை இட்டுத் தொடங்குங்கள்.

அறையின் அடியில் தேங்காய்ப் பொச்சை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி நனைத்து, அதன் மேல் ஆறிய சாணத்தை ஓரடி உயரத்துக்கு இடுங்கள். மாலை வேளையில் புழுவை மேலே பரப்பினால் போதும். தாமாகவே உள்ளே போகும். பிறகு நனைத்த சாக்கினால் மூடுங்கள்.

ஈரம்

புழு தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் இறக்கும். நீரில் மூழ்கினாலும் இறக்கும். சரியான ஈரத்தைக் கையால் அறியலாம். படுக்கையின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடையில் ஓரிரு துளி நீர் கசிந்தால் சரி. ஒன்றும் வராமல் பிடி உதிர்ந்தால் நீர் போதாது. ஒழுகினால் நீர் கூடிவிட்டது.

சோளகக் காற்று வீசும் காலத்தில் ஒரு அறைக்கு நாளுக்கு அரை வாளி முதல் ஒரு வாளி வரை நீர் தேவைப்படலாம். மாலையில் சாக்கின் மேலேயே பூவாளியால் தெளியுங்கள். மாரியில் பல நாட்கள் தெளிக்கவே தேவையிருக்காது. அப்போது கூரை ஒழுகாமல் பார்ப்பதே வேலை. கிணற்று நீர் வாயில் உவர்த்தால் அதைப் படுக்கைக்கு ஊற்றாதீர்கள். உப்பு சிறிது சிறிதாகச் சேர்ந்து புழுவை அழிக்கும். கரையோரக் கிராமங்களில் மழைநீரைப் பிடித்து வைப்பது அல்லது நன்னீர்க் கிணற்றிலிருந்து கொண்டுவருவது நல்லது.

படுக்கை கெடுவதை முன்பே காட்டும் குறிகள் உண்டு. அழுகிய நாற்றம் வந்தால் நீர் கூடி, காற்றுக் குறைந்துள்ளது. நீரை நிறுத்தி, காய்ந்த வைக்கோலைக் கலந்து மெதுவாகக் கிளறுங்கள். புழுக்கள் கூட்டமாகச் சுவரில் ஏறினால் உள்ளே சூடோ நீரோ மிகுந்துள்ளது. எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது என்று பொருள். நீர் தெளித்து, சுவருக்கு வெளியே சுற்றிச் சாம்பல் தூவுங்கள். கோழி ஒரே நாளில் படுக்கையைக் கிளறித் தின்றுவிடும். எனவே பழைய வலையை மேலே கட்டுங்கள்.

அறுவடை

ஒரு கிலோ புழு விட்டிருந்தால் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் சாணம் தேயிலைத் தூள் போலக் கருமையாக, உருண்டை உருண்டையாக மாறும். சாண நாற்றம் இருக்காது. மழை நனைத்த மண்ணின் வாசம் வரும். வைக்கோல் இன்னும் அடையாளம் தெரிந்தால் சில நாள் பொறுங்கள்.

இதற்குள் இரண்டாவது குவியலும் ஆறியிருக்கும். அதை அடுத்த அறையில் நிரப்பி ஈரமாக வைத்து, முதல் அறைக்கு நீர் தெளிப்பதை நிறுத்துங்கள். உணவும் ஈரமும் உள்ள பக்கத்துக்குப் புழுக்கள் தடுப்பின் இடைவெளியால் போகும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவை மாறிவிடும். அவசரமாகப் பசளை தேவைப்பட்டால், நான்கைந்து நாள் நீரை நிறுத்தியபின் சாக்கை எடுத்து வெளிச்சம் பட விடுங்கள். புழு கீழே இறங்கும். மேலிருந்து இரண்டு அங்குலம் வழித்தெடுத்து, அரை மணி நேரம் விட்டு மறுபடி வழியுங்கள்.

எடுத்ததைக் கால் அங்குலக் கண் சல்லடையில் அரியுங்கள். சல்லடையில் தங்கும் புழுவையும் மட்காத துண்டையும் புது அறைக்கே போடுங்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிதான, வைக்கோல் நிற மணிகள் தெரிந்தால் அவை புழுவின் முட்டைக்கூடுகள். அவற்றையும் திருப்பி விடுங்கள். பசளையை வெயிலில் காய வைக்காதீர்கள். உரப்பையில் இலேசான ஈரத்தோடு நிழலில் வைத்தால் சில மாதங்கள் கெடாது.

எவ்வளவு, எங்கே

நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு ஒரு அறையில் இரண்டு உரப்பை அளவு கிடைக்கும். இது ஒரு ஏக்கர் வயலுக்குப் போதாது. வயலில் தூவினால் பயன் கண்ணுக்கே தெரியாது. நாற்றுமேடைக்கு மேல்மண் மூன்று பங்குக்குப் பசளை ஒரு பங்கு கலந்து, மீதியை நடுகைக் குழிக்கு இரண்டு கைப்பிடி வீதம் இடுங்கள். இந்த அளவில் இரண்டு பையும் சில நூறு மிளகாய், கத்தரிக் கன்றுகளுக்குப் போதும். காய்க்கும் காலத்தில் பயிர் வெளிறினால் வேறு பசளையும் தேவைப்படலாம். அப்போது விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு இடுங்கள்.

அடுத்த அறையில் புழு இப்போது பெருகியிருக்கும். அதில் ஒரு பங்கை எடுத்து, மாடு வைத்திருக்கும் அயல் வீட்டுக்குத் தொடக்கமாகக் கொடுக்கலாம். உங்கள் படுக்கை ஒருமுறை வெள்ளத்தில் அழிந்தால், திரும்பத் தொடங்கப் புழு அங்கே இருக்கும்.