செல்ஃப் எடுக்குதே, அப்புறம் ஏன் பேட்டரி மாத்தணும்?

மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப். சர்வீஸுக்கு விட்ட சிறிய பெட்ரோல் காரை எடுக்க வந்தவருக்கு, பில்லோடு சேர்த்து மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினார்.

“சார், உங்க பேட்டரிக்கு நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆகுது. டெர்மினலைச் சுத்தம் பண்ணி, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில செக் பண்ணினோம்.

சும்மா இருக்கும்போது: 12.5 வோல்ட்.
செல்ஃப் அடிக்கும்போது: 9.1 வோல்ட்.
சி.சி.ஏ.: லேபிள்ல 300, மீட்டர்ல 148.
ஆசிட் அடர்த்தி: அஞ்சு செல் 1.255, மூணாவது செல் மட்டும் 1.190.
இன்ஜின் ஓடும்போது சார்ஜிங்: 14.2 வோல்ட், சரி.
வண்டியை அணைச்ச பிறகு கசிவு: 20 மில்லி ஆம்ப், சரி.

வெளியூர் போறதுக்கு முன்னாடி மாத்திடுங்க சார்.”

“காலையில்கூட ஒரே அடியில் ஸ்டார்ட் ஆச்சே” என்றார் கார்க்காரர். அவர் சொன்னதும் பொய்யில்லை, சீட்டில் இருப்பதும் பொய்யில்லை.

முதல் எண்ணிலிருந்து வருவோம். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இங்கே 12.5. பார்த்தால் பெரிய குறையில்லை. ஆனால் வேலையே இல்லாதபோது எடுத்த அளவு இது. சுமையைத் தூக்கச் சொன்னால்தான் பலம் தெரியும். செல்ஃப் மோட்டார் ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பிலும் ஆரோக்கியமான பேட்டரி பொதுவாகப் பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. 9.6-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். இது 9.1-க்குப் போயிருக்கிறது.

சி.சி.ஏ. என்பது இழுப்புத் திறனின் அளவுகோல். மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 நொடிகளுக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பதைச் சொல்வது. மதுரைக்கும் அந்தக் குளிருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் புதிதாக இருந்தபோது இருந்த பலத்தில் இன்று எவ்வளவு மிச்சம் என்று ஒப்பிட அது உதவும். 300-க்கு 148 என்றால் பாதிகூட இல்லை. நம் ஊர்ச் சூட்டில் இன்ஜின் ஆயில் இளகலாக இருப்பதால் இந்தப் பாதிப் பலமே இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. அதனால்தான் முன்னறிவிப்பே இல்லாமல், நேற்றுவரை எடுத்த வண்டி இன்று ‘டிக், டிக்’ என்று நின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம், அதே சூடுதான் உள்ளே பிளேட்டுகளை அரித்து, தண்ணீரையும் வற்றவைத்து, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது.

சீட்டின் முக்கியமான வரி மூன்றாவது செல்லைப் பற்றியது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஆறு பேர் வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஒருவர் தளர்ந்தால் மொத்த வரிசையும் தளரும். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல்லில் ஆசிட் அடர்த்தி 1.265 அளவில் இருக்கும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் ஒரு செல் மட்டும் 1.190-இல் நின்றால், அது சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை என்று பொருள். செல்களுக்கிடையே 0.050 வித்தியாசம் வந்தாலே கெட்டது என்பார்கள். இங்கே 0.065. பெரும்பாலும் பிளேட்டிலிருந்து உதிர்ந்த பொடி அடியில் சேர்ந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கும்.

அந்த ஒரு செல்லை மட்டும் மாற்ற முடியாதா? முடியாது, ஆறும் ஒரே பெட்டிக்குள் ஒட்டி மூடியவை. அப்படியே விட்டுவைத்தால், ஆல்டர்னேட்டர் தரும் 14.2 வோல்ட்டில் ஷார்ட்டான செல் தன் பங்கை எடுக்காது. அந்த மிச்சம் மற்ற ஐந்தின் தலையில் விழும். அவை அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, கொதித்து, தண்ணீரை இழக்கும். நல்ல ஐந்தையும் கெட்ட ஒன்று இழுத்துக்கொண்டு போகும். ‘இப்பவே’ என்று மெக்கானிக் அழுத்துவதற்குக் காரணம் இதுதான்.

‘சரி’ என்று எழுதிய கடைசி இரண்டு வரிகளுக்கும் வேலை உண்டு. சார்ஜிங் குறைவாக இருந்தாலோ, கசிவு 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலோ, குற்றவாளி பேட்டரியாக இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் மாற்றினால் புதுப் பேட்டரியும் சில வாரங்களில் இறங்கிவிடும்.

இதே கார் 12.1 வோல்ட் காட்டி, ஆறு செல்லும் ஒரேபோல் 1.180-இல் இருந்திருந்தால்? அது வெறும் பசி. பல நாள் ஓட்டாமல் நிறுத்தியிருக்கலாம், லைட்டை அணைக்க மறந்திருக்கலாம். சார்ஜ் போட்டு, மறுபடி அளந்துவிட்டு முடிவு செய்யலாம். எனவே யாராவது ‘பேட்டரி போச்சு’ என்றால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “சார்ஜ் போட்ட பிறகு அளந்தீங்களா?” மூடி திறக்க முடியாத பேட்டரியில் அடர்த்தி பார்க்க வழியில்லை. அங்கே செல்ஃப் அடிக்கும்போது எடுத்த வோல்ட்டும் சி.சி.ஏ.வும்தான் சாட்சி.

கார்க்காரர் சீட்டை இரண்டு முறை படித்தார். “பழசுக்கு எவ்வளவு கழிப்பீங்க?” என்றார்.